வெள்ளைக் கோடுகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமை ஆசிரியை நான். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை மதுமதி. சாமளாபுரத்தில் விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே வளர்ந்தவள் என்பதால் அவள் பாடம் எடுத்தால் ரோட்டில் போகிறவர்களுக்கும் அ, ஆ தெரிந்துவிடும். "மெதுவாப் பேசு தாயி, காது போயிரும்" என்று நான்தான் கேலி செய்வேன்.

போன மாசியில் அவள் கணவர் குமரன் பல்லடத்தில் ரோட்டைக் கடக்கும்போது தனியார் பஸ் மோதி இறந்துபோனார். குறுக்கே ஓடவில்லை. நடப்பவர்கள் கடக்கப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல்தான் நடந்தார். மதுமதி அழுது நான் பார்க்கவில்லை. விடுப்பு முடிந்து வந்தாள், வருகைப் பதிவு எடுத்தாள், பாடம் நடத்தினாள். சத்தம் மட்டும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

சாலைப் பாதுகாப்புப் பாடம் வந்தபோது நானே எடுக்கிறேன் என்றேன்.

"வேண்டாங்க டீச்சர். வேல்விழியோட அம்மாளுக்கு ஷிப்ட் மாறிருச்சு. திங்கக்கெழமையிலிருந்து புள்ள தனியாத்தான் ரோட்டத் தாண்டோணும். நான் சொல்லிக் குடுத்தர்றனுங்க."

வேல்விழி மூன்றாம் வகுப்பு. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை. ரோட்டைத் தாண்டுகிற வேறு பெரியவர்களோடு சேர்ந்து தாண்டச் சொல்லலாம்தான். காலை அந்த நேரத்தில் யார் நின்று கூட்டிப்போகிறார்கள்?

மறுநாள் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் சாக்பீஸால் ரோடு போட்டாள். இருபுறமும் நடைபாதை. குறுக்கே வெள்ளைத் துணிப் பட்டைகளை வரிசையாக விரித்து டேப் ஒட்டினாள். அவற்றுக்குச் சற்று முன்னால், வண்டி நிற்பதற்கு ஒரு கோடு. சுவரில் அட்டைப் பலகைகள்: வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, செவ்வகம் என்றால் தகவல்.

துணி ஓரத்தில் பச்சைக் கரையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. பள்ளிப் பொங்கல் விழாவுக்குக் குமரன் கட்டிவந்த வேட்டியைக் கிழித்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணீட்டே?"

"ஊட்ல சும்மாதானுங்க கெடக்குது" என்றாள். உப்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பதுபோல.

முதலில் சிக்னல் வைத்து விளையாட்டு. வண்டிகளுக்குச் சிவப்பு வந்தது, நின்றன. நடப்பவர்களுக்குப் பச்சை மனிதன் வந்தான், கடந்தார்கள். எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு மதுமதி சிக்னல் அட்டையை எடுத்துவிட்டாள். "நம்ம ரோட்டுல சிக்னல் இல்லயே. இப்பத் தாண்டுங்க."

முருகவேல் என்ற பையன்தான் பஸ். கழுத்தில் அட்டை ஸ்டியரிங். வேல்விழி நடைபாதை ஓரம் நின்றாள். வலது, இடது, மறுபடி வலது பார்த்தாள். அழகாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் காலை எடுத்து வைத்ததும் தலை குனிந்துவிட்டது. துணியில் கால் படாமல், கறுப்புத் தரையாகத் தேடித் தாண்டித் தாண்டிப் போனாள். அந்தப் பக்கமிருந்து முருகவேல் ஹாரன் அடித்துக்கொண்டு பாய்ந்து வந்தான்.

"நில்லு!"

பழைய மதுமதியின் குரல். ஜன்னல் அதிர்ந்தது. பஸ் அப்படியே நின்றது.

"பஸ்ஸு நிக்காதுங்களே டீச்சர்" என்றான் முருகவேல், பயந்துபோய். "ஆரன் அடிச்சா அவதான் ஓடோணும்."

"நீ நிக்கோணும் கண்ணு. அந்தக் கோட்டுக்கு முன்னாலயே." பிறகு வேல்விழியிடம் திரும்பினாள். "ஏன் கீழ பாத்துட்டே போனே?"

"வெள்ளத் துணில்லா டீச்சர். மிதிச்சா அழுக்காயிரும். எங்கம்மா வையும்."

கம்பெனி வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது பால்குடியிலேயே வந்துவிடுகிற பாடம். தைக்க வைத்திருக்கும் துணி பீஸில் கால் பட்டால் அடி விழும். மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மதுமதி செருப்பைக் கழற்றாமல் முதல் பட்டையின் மேல் கால் வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. கண் மட்டும் ரோட்டிலேயே இருந்தது.

"கோடு யாரையும் காப்பாத்தாது" என்றாள், மறுபடியும் சத்தமில்லாமல். "வண்டி முழுசா நிக்கோணும். அப்பறந்தான் கால வைக்கோணும். தாண்டி முடிக்கற வரைக்கும் வண்டி வர்ற பக்கம் பாத்துட்டே நடக்கோணும். ஓடக் கூடாது. இப்ப மிதிச்சு நட."

வேல்விழி நடந்தாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும், திரும்பத் திரும்ப. மணி அடித்தபோது வேட்டி முழுக்கச் செம்மண் பாதங்கள்.

டேப்பைப் பிய்த்து அவள் சுருட்டத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "குடு மதுமதி. நான் தொவச்சுக் கொண்டாரேன்."

"வேண்டாங்க டீச்சர்" என்றாள். "வெளுப்பா இருந்தா மறுபடியும் மிதிக்க மாட்டாங்க."