கேஷுவலாக வரச் சொன்னார்கள்

எங்கள் வீட்டில் கேஷுவல் என்றால் அப்பா. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷமாகக் கேஷுவல் லேபராக இருந்தார். பர்மனென்ட் ஆட்களுக்கு நீல யூனிஃபார்ம், மெயின் கேட், கேன்டீன் சாப்பாடு. கேஷுவலுக்குச் சொந்தச் சட்டை, பக்கவாட்டுக் கேட், வீட்டிலிருந்து சோத்து டப்பா. எங்கள் தெருவில் கொடியில் காயும் துணியைப் பார்த்தே எந்த வீட்டு ஆம்பளை பர்மனென்ட் என்று சொல்லிவிடலாம். அடுத்த லிஸ்ட்டில் உன் பேர் கட்டாயம் இருக்கு என்று வருஷா வருஷம் யாராவது அப்பாவிடம் சொல்வார்கள். லிஸ்ட் வரும், பேர் வராது.

எனக்கு சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து ஆர்டர் வந்தபோது அப்பா கேட்டது ஒரே கேள்விதான்.

"பர்மனென்ட்டா?"

"ஆறு மாசம் ப்ரொபேஷன்ப்பா. அப்புறம் பர்மனென்ட்."

"எழுத்துல போட்டுக்கீதா?"

காட்டினேன். இங்கிலீஷில் இருந்த வரியின் மேல் விரலை வைத்து, படிக்கத் தெரிந்தவர் மாதிரி இரண்டு தரம் ஓட்டினார். மறுநாள் பக்கவாட்டுக் கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார், என் பொண்ணு எடுத்த எடுப்பிலேயே பர்மனென்ட் என்று.

வேலையில் சேர வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஆர்டரில் எல்லாம் இருந்தது. எந்தெந்தச் சர்டிஃபிகேட், எத்தனை போட்டோ, காலை ஒன்பதரைக்கு மெயின் கேட்டில் யாரைக் கேட்க வேண்டும், எல்லாம். உடைக்கு மட்டும் ஒரே வரி: அலுவலகத்துக்குப் பொருத்தமான உடை. எந்த அலுவலகத்துக்கு? எங்களுக்குத் தெரிந்த அலுவலகங்கள் தாலுகா ஆபீசும் போஸ்ட் ஆபீசும்தான். நான் படித்த காலேஜில் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி வர வேண்டும், அதோடு உடை பற்றிய என் படிப்பு முடிந்தது. அம்மா புதுச் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதுவா, புடவையா என்று எனக்குக் குழப்பம். கேட்டுவிடுவதே மேல் என்று வியாழக்கிழமை சாயங்காலம் ஆர்டரில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன்.

ஹெச்ஆரில் ஒரு பெண் எடுத்தாள். அவசரக் குரல். நாளைக்குச் சேர்கிறவள், எப்படி வர வேண்டும் மேடம் என்று நான் ஆரம்பித்ததுமே குறுக்கிட்டாள்.

"நாளைக்கு ஃப்ரைடேதானே? கேஷுவல்ஸ்."

"கேஷுவலா மேடம்?"

"ஆமாம்மா, கேஷுவல்ஸ்தான்."

"சேர்றவங்க எல்லாருமா?"

"எல்லாரும்தான். நானே கேஷுவல்ஸ்தான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

துணிக்கடை போர்டில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை கொடுக்கிறவர் வாயிலிருந்து அது வந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரே அர்த்தம்தான். ப்ரொபேஷன் என்று எழுதியிருந்தது வேறு சேர்ந்துகொண்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பட்டென்று சொல்லிவிட்டேன். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எழுத்துல பர்மனென்ட்டுன்னு போட்டுட்டு வாயில கேஷுவல்னு சொல்றானுங்களா?" என்றார். "சரி வுடு. உள்ள போய்ட்டா அப்பால பாத்துக்கலாம். ஆனா அந்தப் புதுச் சுடிதார் வேணாம்."

"ஏன்ப்பா?"

அப்போதுதான் அதைச் சொன்னார். அதுவரைக்கும் அம்மாவுக்கே தெரியாது. முதல் நாள் கம்பெனிக்குக் கல்யாணச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, புது செருப்போடு போயிருக்கிறார். ஆபீஸ் இன்டர்வியூவுக்கு வந்தவர் என்று நினைத்து உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்திருக்கிறார்கள். பாதி டீ குடிக்கும்போது பேரைச் சரிபார்த்த ஒருவன், "இது கேஷுவல்பா, எழுப்புய்யா" என்றானாம்.

"டம்ளரோட எழுந்தேன். எங்க வெக்கிறதுன்னு தெரியல. அத்தினி பேரும் பாத்துகினு இருந்தானுங்க" என்றார். "அதுக்காண்டிதான் சொல்றேன். நல்லா உடுத்திகினு போனா எழுப்பி வுடுவான். பழச உடுத்திகினு போனா எவனும் எழுப்ப மாட்டான்."

என் அப்பா அவமானப்பட்டு நின்ற காட்சியை எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆனால் அவர் மேற்கொண்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். துப்பட்டா வேண்டாம், மெஷினில் மாட்டும். சாப்பாடும் தண்ணியும் கையோடு இருக்கட்டும், கேஷுவலுக்குக் கேன்டீன் கிடையாது. பர்மனென்ட் ஐந்து நிமிஷம் லேட்டாக வரலாம், கேஷுவல் அரை மணி முன்னால் நிற்க வேண்டும். மெயின் கேட் பக்கமே போகாதே, பக்கத்தில் ஒரு சின்ன கேட் இருக்கும், எல்லாக் கம்பெனியிலும் இருக்கும். அங்கே போய் நில்லு. மெஷின் இல்லாத கம்பெனி அது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

விடிகாலையில் கிளம்பினேன். செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருப்போரூர் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். சாயம் போன பச்சைச் சுடிதார், ரப்பர் செருப்பு, ஒரு பையில் சர்டிஃபிகேட் ஃபைல், இன்னொன்றில் டிபன் பாக்ஸ். எட்டு மணிக்கெல்லாம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் முன் நின்றேன். அப்பா சொன்னது சொன்னபடி பக்கத்தில் ஒரு சின்ன கேட் இருந்தது. இருபது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள், பெண்கள்தான் அதிகம். எல்லார் கையிலும் டிபன் பாக்ஸ். அதைப் பார்த்ததும் வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னையே ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது.

சூப்பர்வைசர் ஒருவர் நோட்டோடு வந்தார். "புதுசாம்மா? எந்த ஏஜென்சி?"

"கேஷுவல் சார்."

"நல்லதாப் போச்சு. இன்னிக்கு ரெண்டு பேர் லீவு." பேரை எழுதிக்கொண்டு ஒரு நீல மேல்கோட்டை நீட்டினார். "இத்த போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். நீலம். கேஷுவலுக்கு இங்கே யூனிஃபார்ம் எல்லாம் தருகிறார்களே, அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"ட்ரெய்னிங் எங்க சார்?"

"துடைக்கிறதுக்கு இன்னாத்துக்கும்மா ட்ரெய்னிங்? மூணாவது மாடிக்குப் போ, அங்க அக்கா சொல்லித் தரும்."

நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தது துடைக்கவா? பின்னால் நின்ற அம்மாள் நகரச் சொல்லி இடித்தாள். நகர்ந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு சூப்பர்வைசர் துடைக்கப் போகச் சொன்னார் என்று நான் நகர்ந்தேன். கேட்டில் செக்யூரிட்டி என் பையைப் பிரித்து ஃபைலை எடுத்தார்.

"இன்னாம்மா நீ, சர்டிஃபிகேட்டெல்லாம் தூக்கிகினு..." என்று ஆரம்பித்தவர் மேலே இருந்த ஆர்டரைப் படித்தார். என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மறுபடி ஆர்டரைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"மேடம். கழட்டுங்க மேடம், அத்த மொதல்ல கழட்டுங்க. நீங்க இந்த வழியா வரக்கூடாது மேடம்."

ஒரு காகிதத்தைப் படித்து முடிப்பதற்குள் 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்து என் பேரை நோட்டில் அடித்தார். வரிசையில் நின்ற பெண்கள் என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள். சற்று முன்னால் என்னை இடித்த அம்மாள், "தெரியாம இடிச்சிட்டேம்மா" என்றாள். என்னால் அதைக் கேட்க முடியவில்லை.

மெயின் கேட்டில் விசிட்டர் பாஸ் கொடுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். ஒன்பதரைக்கு ஹெச்ஆர் பெண் வந்தாள், ஜீன்ஸும் பூனைப் படம் போட்ட டீ-ஷர்ட்டுமாக. அவளுக்குப் பின்னால் மேனேஜர் ஒருவர், முட்டியில் வெளுத்த ஜீன்ஸில். பெரிய ஆட்கள் எல்லாம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். சட்டையை இன் பண்ணி, ஷூ பாலிஷ் போட்டிருந்தது செக்யூரிட்டி மட்டும்தான்.

"நான்தான் போன்லயே சொன்னேனே, கேஷுவல்ஸ்னு" என்று தன் டீ-ஷர்ட்டைத் தொட்டுக் காட்டினாள். "திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஃபார்மல்ஸ். வெள்ளிக்கிழமை இஷ்டப்படி. புரியலைன்னா முதல் நாள் ஃபார்மலாவே வந்திருக்கலாமே, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

துணி. அவள் சொன்னது துணியை. நான் பர்மனென்ட்தான். சந்தோஷப்பட வேண்டிய அந்த நிமிஷத்தில் எனக்கு அதிர்ச்சி மட்டும்தான் இருந்தது.

மத்தியானம் கம்பெனி கேன்டீனில் என்னோடு சேர்ந்தவர்கள், டீம் ஆட்கள், எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். காலையில் சின்ன கேட்டில் நடந்தது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏன் அங்கே போனாய் என்று கேட்டார்கள். சொன்னேன். அப்பா கேஷுவல் லேபர், அதனால் அவர் இப்படி நினைத்துவிட்டார், துப்பட்டா மெஷினில் மாட்டும் என்றார் என்று முழுசாகச் சொன்னேன். மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, எனக்குத் தோசையில் பாதி பிய்த்துக் கொடுத்தவர்கள்தான். நானும் சிரித்தேன். அவர்கள் சிரிக்கச் சிரிக்க, அப்பா பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினேன்.

சாயங்காலம் அப்பா பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். நடந்துகொண்டே சொன்னேன், நான் பர்மனென்ட்தான், கேஷுவல் என்றது உடுப்பைத்தான் என்று. நின்றுவிட்டார். கண் கலங்கியது.

"அப்ப பர்மனென்ட் ஆளுங்களே வேணும்னே கேஷுவல் மாதிரி உடுத்திகினு வராங்களா?"

"ஆமாம்ப்பா. வாரத்துல ஒரு நாள்."

"எதுக்கு?"

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்.

"அங்க இத்த சொன்னியா? நான் சொல்லி அனுப்புனத?"

"சொன்னேன்ப்பா."

"சிரிச்சாங்களா?"

"இல்லப்பா."

என் முகத்தைப் பார்த்தார்.

"நீ சிரிச்சியா?"

அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சரி வுடு" என்றார் அப்பா. "பர்மனென்ட் ஆளுங்க சிரிப்பாங்க. எனக்குப் பழக்கந்தான்."