இறங்காத கன்னிமூலை

என் அப்பாவை நினைத்து நான் கூனிக்குறுகிய நாள் ஒன்று உண்டு. அன்று அவர் குடித்துவிட்டு விழவில்லை, யாருடைய காணியையும் பிடிக்கவில்லை. ஊருக்கு நடுவே வெள்ளை வேட்டியோடு நிமிர்ந்துதான் நின்றார்.

சுனாமிக்குப் பிறகு குருக்கள்மடத்தில் எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு இரண்டு மாடிப் பல்தேவைக் கட்டடம் கட்டத் தொடங்கியது. அப்பா ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், சங்கத்தின் தலைவர். கட்டியவர் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கொந்தராத்துக்காரர். போர் நடுவில் வேலையை நிறுத்தி நிறுத்தி வைத்தது. அது ஓய்ந்தபின் மேல்மாடியும் ஏறியது, சுவர் கட்டிப் பூச்சும் முடிந்தது. பிறகு வெடிப்பு வந்தது. அதுவும் கன்னிமூலையில், தென்மேற்கு மூலைத் தூணில். தூணில் நெடுக்காகக் கோடு விழுந்து சீமெந்து உதிர்ந்தது. பக்கத்துச் சுவரில் அந்தத் தூணின் அடியிலிருந்து அடுத்த தூணின் தலையை நோக்கி ஒரு கீறல் சரிவாக ஏறியது.

கொந்தராத்துக்காரர் கல்குடாவில் அடுத்த கட்டடத்துக்கு விண்ணப்பித்திருந்தார். சங்கம் குறையாக ஒரு சொல் சொன்னால் அது அவருக்கு இல்லை. நான் அப்போது பொறியியலாளராக வேலைபார்த்துக்கொண்டிருந்தேன். "என்ர மகள் வந்து பாக்கட்டும்" என்று அப்பா பெருமையாக அழைப்பித்தார்.

நான் போய் இறங்கியபோதே அவர் தொடங்கிவிட்டார். "சீமெந்தக் களவெடுத்தா மூலை தாழாம என்ன செய்யும்? உங்கட ஆக்களுக்குக் கடல் மண்ணும் ஆத்து மண்ணும் ஒண்டுதானே."

உங்கட ஆக்கள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காது சுட்டது. படிப்பித்த மனிதர் பேசுகிற பேச்சா அது?

தண்ணீர் நிரப்பிய நீண்ட குழாயைத் தூணுக்குத் தூண் பிடித்து மட்டம் பார்த்தேன். கட்டும்போது ஒரே மட்டத்தில் போட்ட அடையாளங்கள் இப்போது ஏறி இறங்கிக் கிடந்தன. ஆனால் தாழ்ந்தது கன்னிமூலை அல்ல. மற்றத் தூண்கள் எல்லாம் ஒரு அங்குலமளவு இறங்கியிருந்தன. கன்னிமூலை மட்டும் அசையவில்லை.

அங்கே மேலே மணல், அடியில் வாவிச் சேறு. தனித்தனி அத்திவாரம் போட்ட கட்டடம் பாரம் ஏற ஏறக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக இறங்கினால் பெரிய கெடுதியில்லை. ஒன்று மட்டும் இறங்க மறுத்தால், இறங்குகிற தூண்கள், தூணோடு தூணை இணைக்கும் வளை வழியாக அதில் தொங்கத் தொடங்கும். அவற்றின் பாரத்தில் ஒரு பங்கு அதன் தலைக்கு வரும்.

தூணடியைத் தோண்டச் சொன்னேன். வரைபடத்தில் இருந்ததைவிட அகலமான கொங்கிறீற் சேற்றைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பார்த்ததும் எனக்குப் பழைய தொலைபேசிக் குரல் நினைவுக்கு வந்துவிட்டது. நான் கம்பசில் படிக்கும்போது அப்பா சொன்னது: "கன்னிமூலைய நானே நிண்டு கெட்டி மண் காணுமட்டும் தோண்டுவிச்சன் மகள். இன்னொரு கடல் வந்தாலும் அது அசையாது." நல்ல மூலை பலமாக இருக்கட்டும் என்ற பக்தி. நான் சிரித்துவிட்டுப் படிக்கப் போனேன்.

குழியைச் சுற்றிச் சங்கத்து ஆட்கள். அவர்களுக்கு விளங்கட்டும் என்று சொன்னேன்: "சாமி தூக்கிற நேரம் மத்த ஆக்களெல்லாம் சேத்துக்குள்ள கால் வச்சு, ஒராள் மட்டும் கல்லுல நிண்டா பாரம் ஆருக்கு?"

"கல்லுல நிக்கிறவனுக்குத்தான்" என்றார் ஒருவர். "அப்ப இத ஆர் இப்பிடிப் போடச் சொன்ன?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாவிப் பக்கம் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கொந்தராத்துக்காரரும் அவரைத்தான் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான்தான். பலமா இருக்கட்டுமெண்டு என்ர யோசனையில போட்டன்."

அப்பா வாய் திறப்பார் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் பட்டதுபோல ஒரு அவமானத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. குழிக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அவரில்ல. எங்கட அப்பாதான் போடுவிச்ச. எனக்கே போன்ல சொன்னவர்" என்றேன்.

அப்பா "ஓம்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு எதுவும் அதன் பின்னால் வரவில்லை. தூண்களின் இறக்கம் நின்றபின் அந்தத் தூணுக்குக் கம்பி கட்டிப் புதுக் கொங்கிறீற் உறை போடுவது, வளையையும் பலப்படுத்துவது என்று நான்தான் மளமளவென்று பேசிச் சமாளித்தேன்.

வீடு திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். வாசல் படலையடியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "அந்தாள் சுமந்திருப்பார் மகள். நீ ஏன் வாயத் துறந்த?"

"மத்ததுகள்ற பாரத்தச் சுமந்துதான் அப்பா அந்தத் தூணும் வெடிச்சது" என்றேன்.