ஷாஹினா போட்டுப் பார்த்த நாலு எண்கள்

ஷாஹினா மருதமுனைப் பிள்ளை. வாப்பா மீராசா லொறி ஓட்டுகிறார். பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு தடவை பொறியியல் பீடம் அவளுக்கு மயிரிழையில் தவறியது. போன வருடம் எழுதியது கடைசி.

நான் பர்ஸான், சாய்ந்தமருதில் இணைந்த கணித வகுப்பு நடத்துகிறவன். "சேர் பயங்காட்ட மாட்டார்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. தொகையிடலில் பகுதி, அதாவது பின்னத்தின் கீழே நிற்பது, முப்படியாக வந்தால், முதலில் எண்களைப் போட்டுப் பார்த்து, அதைப் பூச்சியமாக்கும் ஒரு மூலத்தைப் பிடிக்க வேண்டும். பிறகுதான் காரணியாக்கிப் பகுதிப் பின்னமாக உடைக்கலாம். பிள்ளைகள் வெறுத்துவிடக் கூடாதென்று 1, −1, 2, −2 இந்த நாலுக்குள்ளேயே மூலம் வரும்படி கணக்குகளைச் செய்தேன். "நாலையும் போடு, ஒண்டு விழும்" என்பது வகுப்பில் பேச்சாகிவிட்டது.

பெறுபேறு வந்து மூன்றாம் நாள் என்னுடைய நோட்டுகளைத் திருப்பித் தர ஷாஹினா வந்தாள். இந்த முறையும் கிடைக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் அமர்ந்து, கடைக்குப் போய்வந்த கதை சொல்வதைப் போலச் சொன்னாள்.

"பரீட்சையில வந்த பகுதி 2x³ + 3x² + 2x − 2, சேர். ஒண்டு போட்டன், அஞ்சு வந்திச்சு. மைனஸ் ஒண்டுக்கு மைனஸ் மூண்டு. ரெண்டுக்கு முப்பது. மைனஸ் ரெண்டுக்கு மைனஸ் பத்து. ஒண்டும் விழல்ல."

"பிறகு?"

"கேள்வியப் பிழையா எழுதிட்டன் எண்டு மூண்டு தரம் பார்த்தன். சரியாத்தான் இரிந்திச்சு. அச்சுப் பிழையாக்கும் எண்டு உட்டுட்டன்."

எனக்கு உடனே தெரிந்தது. x³க்கு முன்னால் இரண்டு நிற்கிறது. மூலம் பின்னமாகவும் வரலாம். அரையைப் போட்டால் பூச்சியம். (2x − 1) காரணி, மீதி x² + 2x + 2. பூச்சியத்துக்கு −2, ஒன்றுக்கு 5 என்று வரும்போதே மூலம் இடையில்தான் கிடக்கிறது என்று கண்டிருக்கலாம். அதை நான் ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அரை எண்டு வெளியில வந்த பிறகு, கூட எழுதின றிபா சொன்னா," என்றாள். "உங்கட நோட்டில முன்னுக்கு எல்லாத்துக்கும் ஒண்டுதான் சேர் இரிக்கி. நேத்துப் பார்த்தன்."

அவள் குரலில் கோபம் இல்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று போனாள். இப்போது கல்முனையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். கண்டால் சலாம் சொல்கிறாள். நான்தான் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறேன்.

அவள் வந்துபோன அடுத்த நாள் புதிய வகுப்புக்கு அதே கணக்கைப் பலகையில் எழுதினேன். முப்பது பேரும், பழைய பிள்ளைகளிடம் கேட்டறிந்த அந்த நாலையும் போட்டார்கள். பிறகு ஒரே குரலில் சொன்னார்கள்.

"சேர், கணக்குப் பிழை."

"கணக்குச் சரி," என்றேன்.