பச்சை வாரங்கள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கும். ஒன்றில் கேஸ் புக் செய்கிற நம்பர். இன்னொன்று நான் ஓடுகிற வருடத்தின் திட்டம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் வேறு எந்த மருமகளுக்கும் அப்படி ஒரு தாள் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். கல்யாணத்துக்கு முன்பு காலேஜுக்காக ஓடினேன், இப்போது திருச்சியில் ஒரு கிளப்புக்காக ஓடுகிறேன். எங்கள் கோச் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். என்னைவிட இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். வருடா வருடம் மாநிலப் போட்டி நடக்கப்போகும் வாரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து அவர் வருடத்தை நான்காகப் பிரிப்பார். பேஸ், பில்ட், பீக், ரெஸ்ட். தாளில் நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை.

நீலத்தில் மெதுவாக, ரொம்ப தூரம் ஓட வேண்டும். கொள்ளிடக் கரையில் பக்கத்தில் வருபவளோடு பேசிக்கொண்டே ஓடலாம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அன்றைக்கு நாம் தப்பு செய்கிறோம் என்று அர்த்தம். மஞ்சளில் ஸ்டேடியத்துக்குள் வந்துவிடுவோம். போட்டி வேகத்தில் நானூறு, அறுநூறு என்று துண்டு துண்டாக ஓட வேண்டும், நடுவில் சின்ன இடைவெளி. மூன்று வாரம் ஏற்றிக்கொண்டே போய் நான்காவது வாரம் கொஞ்சம் இறக்குவார். சிவப்பில் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார், வேகத்தை மட்டும் விடமாட்டார். போட்டிக்கு முந்தின நாட்களில் கால் சும்மா இருக்க மாட்டேன் என்று துறுதுறுக்கும். அதற்குப் பிறகு பச்சை. ஓட்டம் கிடையாது. நடக்கலாம், நீந்தலாம், தூங்கலாம்.

என் மாமியார் இந்தத் தாளை வேறு மாதிரி படித்து வைத்திருந்தார். நீலம் என்றால் இட்லிக்கு இன்னொரு படி அரிசி ஊறப்போட வேண்டும். மஞ்சள் என்றால் மருமகளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. சிவப்பு என்றால் பேத்தி உட்பட வீட்டில் யாரும் தும்மக் கூடாது. பச்சை என்றால் மருமகள் கடைக்கு வருவாள்.

கடை மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு சந்துக்குள். சேலை, உள்பாவாடை, நைட்டி. மாமனார் காலத்துக் கடை. அவருக்குப் பிறகு கல்லாவில் மாமியார் உட்கார்ந்தார், கொள்முதலை என் கணவர் பார்க்கிறார். மாநிலப் போட்டி முடிந்து பச்சை தொடங்கும்போது சரியாகத் தீபாவளி வியாபாரமும் தொடங்கும். பொருத்தம் பார்த்து வைத்ததுபோல அமைந்திருக்கிறது என்று நாங்கள் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். ஓடாத நாட்கள்தானே, சும்மா வீட்டில் இருப்பதற்குக் கடையில் இருக்கலாமே. எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வருடம் முழுவதும் விடியற்காலையில் வீட்டை விட்டு ஓடிப்போகிறவள் இந்த ஒரு மாதமாவது குடும்பத்துக்கு உதவுகிறேனே என்று நிம்மதியாகவே இருந்தது.

மாநிலப் போட்டியில் மூன்று பேரைத்தான் மாநில அணிக்கு எடுப்பார்கள். நான் வருடம் தவறாமல் நான்காவதாக வந்துகொண்டிருந்தேன். என்னை முந்தியவர்கள் மாறினார்கள், நான் மாறவில்லை. "நாலாவது அக்கா" என்று கிளப்பில் சின்னப் பெண்கள் கூப்பிடுவது எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டுதான் கேட்பேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் எத்தனை வருடம் இந்தத் தாளை ஒட்டுவது என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் கோச் புதிதாக ஒன்று சொன்னார். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பு, எல்லோரும் நாடித்துடிப்பை எண்ணி கிளப் வாட்ஸ்ஆப்பில் போட வேண்டும். ரெஸ்டிலும் போட வேண்டும். உடம்பு களைத்திருந்தால் துடிப்பு ஏறியிருக்குமாம், தேறிவிட்டால் இறங்குமாம். நானும் ஒழுங்காகப் போட்டேன். பச்சை வந்ததும் மற்றவர்களுக்கெல்லாம் இறங்கியது. எனக்கு ஏறியது. காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றேன். ராத்திரி தூங்குகிறேனா என்று கேட்டார். படுத்ததும் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறேன் என்றேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மனைவிக்குச் சேலை எடுக்க அவர் எங்கள் கடைக்கு வந்தார். நான் ஏணி மேல் நின்று மேல் தட்டிலிருந்து சேலைக் கட்டுகளை இழுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு மாடி குடோனுக்கு ஏறி இறங்கியிருந்தேன். எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, இதுதான் நீங்க எடுக்கற ரெஸ்டா?"

"ஆமா சார். ஓடவே இல்லையே."

"தினமும் எத்தனை மணி வரைக்கும் நிக்கறீங்க?"

"கடை மூடற வரைக்கும்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்திலேயே, மாமியார் காதில் விழும்படி, கோபமே இல்லாமல் சொன்னார்.

"பில்டுலகூட உங்களுக்கு இவ்வளவு துடிப்பு வந்ததில்லக்கா. வருஷா வருஷம் நீங்க பேஸை களைச்ச கால்லதான் ஆரம்பிச்சிருக்கீங்க. முதல் ஒரு மாசம் ஓட்டம் கால்ல ஏறவே இல்ல, பழைய களைப்பைத்தான் தள்ளிட்டு இருந்திருக்கீங்க. அடியில குறைஞ்சா பில்ட் குறையும், பில்ட் குறைஞ்சா பீக் எங்கேருந்து வரும்? நான் பீக்லதான் தப்புன்னு நினைச்சு அதையே மாத்தி மாத்திப் போட்டுட்டு இருந்தேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருடம் நான்காவதாக வந்ததற்கு என் திறமைக்குறைவுதான் காரணம் என்று நினைத்து நினைத்து நொந்திருக்கிறேன். காரணம் இந்த ஏணியா?

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க சார்? தீபாவளிக்கு கடையை விட்டுட்டுப் படுத்துக்கவா?" என்று சுள்ளென்று கேட்டேன்.

"வேணாம். தீபாவளி வரைக்கும் கடை. அதை நான் ரெஸ்டுன்னு கணக்குல எடுத்துக்க மாட்டேன், வேலைன்னே எடுத்துக்கறேன். முடிஞ்சதும் மூணு வாரம் உண்மையான ரெஸ்ட். பேஸை தள்ளிப் போட்டுக்கலாம்."

"மத்தவங்கள்லாம் அதுக்குள்ள ஆரம்பிச்சிருப்பாங்களே சார்."

"ஆரம்பிக்கட்டும்."

சேலைக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாமியார் அடுத்த வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்தது. கோச் புதுத் தாள் அனுப்பினார். கடை வாரங்களுக்குப் பழுப்பு நிறம் அடித்து "கடை" என்றே எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் பச்சை. நீலம் மார்கழியை ஒட்டிப் போய்விட்டது.

என் வாழ்க்கையில் நான் செய்த எந்தப் பயிற்சியும் அந்த மூன்று வாரங்கள் மாதிரிக் கஷ்டமாக இருந்ததில்லை. பட்டப்பகலில் படுத்துக்கொள்வதற்கு ஒரு நோயாவது வேண்டும் எங்கள் வீட்டில். எனக்கு நோய் இல்லை. கடையில் மிச்சச் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாமியார் மத்தியானம் சாப்பாடு எடுத்துப்போக வருவார். நான் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருப்பேன்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன் அத்தை. ரெஸ்ட்."

"ஓ."

அந்த "ஓ" என்னை எழுந்து உட்கார வைத்துவிடும். ஒருநாள் தாங்க முடியாமல் சுடிதாரை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனேன். என் கணவர் வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"என்ன வேணும் மேடம்? சேலையா, நைட்டியா?"

"விளையாடாதீங்க. நானும் வந்து எண்ணிக் கொடுக்கறேன்."

"எடுக்கறதுன்னா எடுங்க, இல்லன்னா வழியை விடுங்க. ஃப்ரிட்ஜ்ல பச்சை ஒட்டியிருக்கு, பார்த்துட்டுதான் வந்தேன்." கையோடு ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் மேல் அத்தனை பிரியம் வந்தது.

மார்கழியில் நீலம் தொடங்கியது. முதல் நாள் கொள்ளிடக் கரையில் பனி. இரண்டு கிலோமீட்டர் போனதும் காலில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்தேன். வலியைத்தான் காணோம். வருடா வருடம் அந்த வலியோடுதான் பேஸ் தொடங்கும் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஏகாதசிக் கூட்டத்துக்காகத் தெருக்களை அடைத்தபோது சுற்றுவழியில் இன்னும் அதிக தூரம் ஓடினேன், முணுமுணுக்காமல். மஞ்சளில் மற்றவர்களைவிட நான் பிந்தி இருப்பேன் என்று பயந்தேன். பங்குனி வெயிலில் கடைசி நானூறை முதல் நானூறைப் போலவே ஓடி முடித்தபோது கோச் ஸ்டாப் வாட்சைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவர் பேசாமல் இருந்தால் நல்ல செய்தி.

மாநிலப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது வழக்கம்போல நான்காவதாகத்தான் இருந்தேன். வருடா வருடம் அந்த இடத்தில் கால் மரத்துப்போகும். அன்றைக்கு மரத்துப்போகும் என்று காத்திருந்தேன், போகவில்லை. எதிர்ப்பக்க நேர்கோட்டில் ஒருத்தியைத் தாண்டினேன். யாராவது என்னைத் தாண்டுவார்கள் என்று கோடு வரைக்கும் பயந்துகொண்டே ஓடினேன். யாரும் தாண்டவில்லை. மூன்றாவது. பலகையில் பெயரைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஜன்னல் பக்கமெல்லாம் திரும்பவில்லை.

வீட்டில் சர்க்கரைப் பொங்கல் செய்தார்கள். தேசியப் போட்டியையும் ஓடி முடித்து வந்ததும் கோச் அடுத்த வருடத்துத் தாளைக் கொடுத்தார். ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அன்று கடை மூடிவிட்டு வந்த மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன் நின்றார். பழுப்புக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அங்கிருந்து பச்சைக்கு நகர்த்தினார்.

"கடை முடிஞ்சதும் உனக்கு இது, இல்லையா?"

"ஆமா அத்தை."

"மூணு வாரம்."

"ஆமா."

திரும்பவும் பழுப்பில் விரலை வைத்தார். அவருடைய கணுக்கால்கள் வீங்கியிருந்தன. தினமும்தான் வீங்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பதால் என்று சொல்வார், நாங்களும் சரி என்போம்.

"கடை போட்டு இவ்வளவு வருஷத்துல இதுக்கப்புறம் பச்சை எனக்கு வந்ததே இல்லையேம்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

என் பெண்ணின் கலர் பென்சில் டப்பா மேஜை மேல் இருந்தது. பச்சையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தனக்கு எந்த வாரம் என்று அவர் வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றார்.