ஒரு முறித் தேங்காய்ப் பேச்சு

செசிலியின் பேச்சு ஒரு முறித் தேங்காய் தீரும்வரைதான். உடைத்த தேங்காயின் பாதியைத் துருவியில் அழுத்திக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கும்போது பேச்சும் தொடங்கும். சிரட்டை ஓடு தெரிவதற்குள் விலையைச் சொல்லிவிட வேண்டும். பிந்தினால் பழுப்புத் தோலும் தேங்காய்ப் பூவோடு சேர்ந்து விழும். பார்க்கிறவர்கள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

கடற்கரை ஊரான இனயத்துக்காரி. பல வருடம் தலையில் மீன்கூடையோடு தெருத்தெருவாக நடந்தவள். ஒரு வீட்டில் சிரிக்க வேண்டும், இன்னொரு வீட்டில் பேரம் முடியும்வரை சிரிக்கவே கூடாது என்பதெல்லாம் அங்கே படித்ததுதான். கால்முட்டு தேய்ந்து நடக்க முடியாமல் போனபோது வடசேரி கிருஷ்ணமணியின் பாத்திரக்கடையில் சேர்ந்தாள். இப்போது நாகர்கோவில் பொருட்காட்சியில் அவருடைய தேங்காய்த் துருவிக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள்.

பேச்சின் தலையும் வாலும் மாறாது. "கையில கீறல் இல்லாம தேங்கா துருவினவங்க யாராவது உண்டா?" என்று ஆரம்பிப்பாள். நாலு பேர் சிரித்துக்கொண்டே கையைப் பார்ப்பார்கள். முன்னால் நிற்பவரிடம் அடுத்த கேள்வி: "உங்க அடுக்களை மேடை வழவழன்னு இருக்குமா, சொரசொரன்னு இருக்குமா?" பதிலைப் பொறுத்து நடுப்பேச்சு பிரியும். வழவழப்பான மேடை என்றால் ரப்பர் அடி வைத்த துருவி. பக்கத்திலுள்ள நெம்புகோலை அழுத்தினால் காற்று வெளியேறி அப்படியே பிடித்துக்கொள்ளும். சொரசொரப்பான சிமெண்டு என்றால் ரப்பர் நிற்காது. மேடை விளிம்பில் திருகி மாட்டும் திருகு துருவியைக் காட்டுவாள். பிறகு கைப்பிடியை அவர்களிடமே கொடுத்துவிடுவாள். ஒருவர் சுற்றினால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் விலை.

பொருட்காட்சி முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிருஷ்ணமணி ஏதோ ஓட்டலில் நடந்த வியாபார வகுப்புக்குப் போய்வந்தார். வருகிறவர்களை முதலிலேயே பிரித்துப் பேச வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். பிரி என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரே பிரிவுதான். இனி முதல் கேள்வி "வீடு எங்கேயாக்கும்?" என்றார். கடற்கரை ஊர் பெயர் வந்தால் விலை குறைந்த திருகு துருவியை மட்டும் காட்டினால் போதும். நீங்க, வாங்க என்று நேரத்தைப் போக்க வேண்டாம். மற்றவர்களுக்கு ரப்பர் துருவி, மரியாதையோடு.

ஊரைக் கேட்டுச் சாதியை முகர்கிற வேலை இது. கடற்கரைக்காரியிடமே அவள் ஊரை மட்டம் தட்டச் சொல்கிறோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

செசிலி முடியாது என்றாள். சொன்னபடி பேசாதவளைத் தூத்துக்குடிப் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றார் அவர். அந்தப் பயணம் இல்லையென்றால் கடையின் பின்கட்டில் பாத்திரம் துடைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். செசிலி ஒரு தேங்காயை உடைத்து ஒரு முறியை அவரிடம் நீட்டினாள்.

"அப்பம் நீங்களே ஒரு முறிக்குப் பேசிக் காட்டுங்க அண்ணாச்சி. நான் பூவை அள்ளுதேன்," என்றாள்.

கிருஷ்ணமணி சட்டைக்கையை மடக்கிக்கொண்டு சுற்றத் தொடங்கினார். முன்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரர், பக்கத்தில் ஒரு பெண், பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"சாருக்கு வீடு எங்கேயாக்கும்?"

"எதுக்கு? ஊரைச் சொன்னாத்தான் தேங்கா துருவுமா?"

கூட்டம் சிரித்தது. கிருஷ்ணமணி சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணிடமும் ஊரைக் கேட்டார். நான் துருவி வாங்க வந்தேன், நீங்க பெண் பார்க்க வந்தீங்களா என்று அவள் கேட்டாள். தட்டில் பழுப்புத் தோல் விழ ஆரம்பித்தது. பின்வரிசை கலைந்தது.

செசிலி புது முறியை எடுத்து வழுக்கைத் தலைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன் கேட்டது சரியாக்கும். இந்தத் துருவிக்கு ஊரு வேண்டாம், பேரு வேண்டாம். மேடை மட்டும் தெரிஞ்சா போரும். உங்க மேடை எப்படி அண்ணே?"

பழைய வீடு, சொரசொரப்பான சிமெண்டு என்றார் அவர். உடனே அவள் ரப்பர் துருவியை காலடியில் கிடந்த ஒரு கரடுமுரடான செங்கல் மேல் வைத்து நெம்புகோலை அழுத்தினாள். அது ஒட்டாமல் சாய்ந்தது. "இதை வாங்கிட்டு நாளைக்கு என்னை ஏசாதீங்க," என்று திருகு துருவியின் கைப்பிடியை அவரிடம் கொடுத்தாள். அவர் சுற்றினார். கலைந்தவர்கள் திரும்பினார்கள். பக்கத்தில் நின்ற பெண்ணின் வாய்ப்பேச்சில் கடற்கரை வாடை. அவள் வீட்டிலோ கண்ணாடிபோல கிரானைட். ரப்பர் துருவியை வாங்கிக்கொண்டாள். வெள்ளைப் பூ மட்டும் விழுந்த தட்டில் செசிலி சீனியைத் தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

கிருஷ்ணமணி தான் சுரண்டிய சிரட்டையைக் குப்பையில் போட்டார்.

"தூத்துக்குடிக்குத் துணிமணி எடுத்து வச்சுக்கோ."

"ஊரு கேக்கணுமா?"

"ஒரு மண்ணும் கேக்காண்டாம்."

"ஆனா நான் ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. அங்க நம்ம மேசை வழவழன்னு இருக்குமா, சொரசொரன்னு இருக்குமா?"

மறுநாள் காலையிலேயே அந்த மேசைமேல் போடவென்று கிருஷ்ணமணி வடசேரியில் ஒரு துண்டு கிரானைட் வாங்கப் போனார்.