மூன்று துணிக்குள் ஒரு உடம்பு

இருபத்து மூன்று வயதில் நான் அரைக்கைச் சட்டை போடுவதையே விட்டிருந்தேன். சித்திரை வெயிலிலும் உள்ளே இரண்டு டி-ஷர்ட், மேலே முழுக்கைச் சட்டை. அப்படிப் போட்டால்தான் தோள் கொஞ்சமாவது அகலமாகத் தெரியும் என்று நினைப்பு.

பள்ளியில் என்னைக் குச்சி என்பார்கள். வில்லியனூரில் கம்பெனி வேலைக்குப் போனதும் ஜிம்மில் சேர்ந்தேன். ஒரு மணி நேரமாக ஆரம்பித்தது மூன்று மணி நேரமானது. எடை ஏறியது, பழைய சட்டைகள் இறுகிப் போயின. ஆனால் கண்ணாடியில் அதே குச்சிதான் நின்றான். காலையில் எழுந்ததும் தையல் டேப்பால் கையை அளப்பேன். பஸ் கண்ணாடி, செல்போன் திரை, எதில் தெரிந்தாலும் பார்ப்பேன். பார்த்த ஒரு நிமிடம் நிம்மதி, உடனே சந்தேகம். யாராவது "செமையா இருக்கடா" என்றால் கிண்டல் செய்கிறார்கள் என்றே தோன்றும். தோள்பட்டை வலித்தபோதும் நிறுத்தவில்லை. ஒரு நாள் விட்டால் உடம்பு கரைந்துவிடும் என்று பயம். ஜிம்மில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, தசை ஏறுவதற்கான ஸ்டீராய்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். முதுகெல்லாம் பரு, தொட்டதற்கெல்லாம் கோபம்.

அக்கா கல்யாணத்தன்று விருந்தில் உட்காரவில்லை. டப்பாவில் கொண்டுபோன அவித்த கோழியை மண்டபத்துப் பின்னால் நின்று தின்றேன். பிறகு வெயிலில் பந்தலைப் பிரித்துச் சாமான் இறக்கும்போது மயங்கி விழுந்தேன். காற்றுக்காகச் சட்டையைக் கழற்றினார்கள். ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று.

கண் திறந்தபோது கல்யாணப் புடவையோடு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா இது? இவ்ளோ பெரிய உடம்ப வெச்சிக்கினு எதுக்குடா இத்தினி துணி?"

"ஒல்லியா இருக்கறது தெரியக்கூடாதுன்னுதான்க்கா."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கையாலும் சுற்றி வளைக்க முடியவில்லை. "நெஜமாவே உனக்குத் தெரியலியா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் அவள்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மனநல டாக்டர் ஊசியைப் பற்றி முதலில் கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "உங்க கண்ணுல கோளாறு இல்ல. மனசு உடம்ப அளக்குற விதத்துலதான் சிக்கல். ஒவ்வொரு தடவை அளக்குறப்பவும் அந்தப் பயத்துக்குத் தீனி போடுறீங்க" என்றார்.

மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு முறை பேசக் கூப்பிட்டார். டேப்பை அக்காவிடம் கொடுத்தேன். ஒரே சட்டையோடு கடைத்தெருவுக்குப் போய், பதற்றம் தானாக அடங்கும்வரை வீட்டுக்குத் திரும்பாமல் நிற்க வேண்டும் என்பது பயிற்சி. முதல் நாள் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஊசியை விட்ட பிறகு உடம்பு கொஞ்சம் வற்றியது. அந்த மாதங்களை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. அசதிதான் நினைவிருக்கிறது.

இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. போன ஞாயிறு கிருமாம்பாக்கத்தில் அக்கா வீட்டில் மீன்குழம்பு. எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாமா இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.