மூணாவது ஸ்டாண்டில் இளநி

செமினார் நெருங்குற நேரமாப் பார்த்து என் கூட்டாளிக்கு அம்மை போட்டுடுச்சு. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சுக்கினு இருந்தோம். ரோலிங் மில்லுல பழுக்கக் காஞ்ச இரும்பு, ஸ்டாண்டுங்கற உருளை ஜோடிகளுக்கு நடுவுல ஒவ்வொண்ணா நசுங்கி எப்படிக் கம்பியாகுதுன்னு ரெண்டு பேருமா ஸ்லைடு பண்ணி வெச்சிருந்தோம். பாதி நான் பேசணும், பாதி அவன். சுத்தி எங்க பார்த்தாலும் மில்லு, வேற எதைப் பத்திப் பேசறது?

சார்கிட்ட போய்ச் சொன்னேன். "பேசாதவனுக்கு மார்க் கிடையாது"ன்னுட்டாரு. அந்த மார்க் போனா அவன் ஜூனியர் பசங்களோட உக்காந்து மறுபடியும் செமினார் எடுக்கணும். விடாம கெஞ்சினேன். "சரி, வீடியோவா பண்ணிக் கொண்டா. அவன் பாதியில அவன் குரல்தான் இருக்கணும். நீ மிமிக்ரி பண்றது எனக்குத் தெரியும். ஏமாத்துனா ரெண்டு பேருக்கும் முட்டை"ன்னாரு. நான் அவரை மாதிரியே பேசிக் காட்டுறது அவர் காதுக்கும் போயிருக்கு போல.

எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டதால தைரியமா அவன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல வேப்பிலை தொங்குச்சு. "ஆத்தா வந்திருக்கா, ஊட்ல சத்தம் போடாதீங்கப்பா"ன்னாங்க அவன் அம்மா. என்னோட எம்பி3 பிளேயர்ல குரலும் பதியும். அதைத் தலகாணி மேல வெச்சேன். பையன் இங்கிலீஷ்ல முணுமுணுன்னு ஆரம்பிச்சான். ஸ்லைடு ஸ்லைடா நிறுத்தி எடுத்திருக்கணும். நான் ஒரு அவசரக் குடுக்கை, ஒரே மூச்சுல எடுத்தேன். மூணாவது ஸ்டாண்டுல, கம்பி மெலிய மெலிய வேகம் ஏன் கூடுதுன்னு அவன் சொல்லும்போதுதான், "நைனா, எளநி வெட்டிட்டேன், குடிச்சுட்டுப் பேசு!"ன்னு பின்னாடியிருந்து ஒரு கூவல். சத்தம் போடாதன்னு சொன்ன அதே வாய்! அவன் நிறுத்தவே இல்ல, கடைசி வரைக்கும் பேசி முடிச்சுட்டான். இன்னொரு தரம் எடுக்கலாம்னு கேட்டேன். "போதும்பா, புள்ள களைச்சுட்டான்"னு என்னை வெளிய அனுப்பிட்டாங்க.

காலேஜ் லேப்ல உக்காந்தேன். ஸ்லைடை எல்லாம் படமா மாத்தி மூவி மேக்கர்ல போட்டா, பவர்பாயிண்ட்ல நாங்க வெச்ச அசைவு ஒண்ணுகூட வரல. செத்த படமா நிக்குது. அப்புறம் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு ஸ்லைடு போட்டு, மறுபடி எல்லாத்தையும் படமாக்கி, ஒவ்வொண்ணும் கண் சிமிட்டுற நேரம் மட்டும் நிக்கற மாதிரி வெச்சேன். ஓட்டிப் பார்த்தா, அடடா, சிவப்பா கம்பி ஓடுது! அடுத்தடுத்த ஸ்டாண்டுல அது மெலிஞ்சு, நீண்டு, வேகமாப் போகணும். அதனால அங்கல்லாம் படத்துக்குப் படம் அதிகமா நகர்த்தினேன்.

அதுக்கப்புறம்தான் பேஜாரு. ஒரு படத்தோட நேரத்தை இழுத்தா பின்னாடி இருக்கற படமெல்லாம் தள்ளிப் போகுது, கீழ் வரிசையில இருக்கற குரல் மட்டும் நகராம அங்கேயே இருக்கு. முதல் தடவை அவன் "பர்னஸ்"னு உலையைப் பத்திச் சொல்ற இடத்துல கம்பி ஆறிப் போய்ப் படுத்திருந்தது. முதல்லயிருந்து வரிசையா, குரலுக்குத் தகுந்த மாதிரி படத்தைப் பொருத்திக்கினே வந்தேன். எளநியை மட்டும் வெட்ட முடியல. அவன் பேச்சு மேலயே ஏறி உக்காந்திருக்கு. அதை வெட்டினா வேகக் கணக்கும் சேர்ந்து போயிடும். அந்த ஸ்லைடோட உயிரே அதுதான். வர்றது வரட்டும்னு விட்டுட்டேன்.

செமினார் ஹால்ல வீடியோ ஓடுச்சு. என் பாதி முடிஞ்சு அவன் முணுமுணுப்பு வந்ததுமே சார் என் பக்கம் திரும்பினாரு. "இது யாரு குரல்? நீதானே?"

"சத்தியமா அவன்தான் சார்."

"அவன் தொண்டை இப்படியா இருக்கும்? ஆளை ஏமாத்தறியா?" மார்க் ஷீட்டை மூடியே வெச்சுட்டாரு. முடிஞ்சுதுடா உன் கதைன்னு அவனை நினைச்சுக்கினேன்.

கம்பி மூணாவது ஸ்டாண்டுல நுழைஞ்சுது. "நைனா, எளநி வெட்டிட்டேன், குடிச்சுட்டுப் பேசு!"

ஹாலே அதிர்ந்துச்சு. பெஞ்சைத் தட்டிச் சிரிக்கறானுங்க. சார் சிரிக்கல. "நிறுத்து. அதைத் திரும்பப் போடு"ன்னாரு. போட்டேன். ரெண்டாவது தடவை கேட்டதும் அவர் தோள் குலுங்க ஆரம்பிச்சுடுச்சு. கண்ணாடியைக் கழட்டி, "இதை மிமிக்ரி பண்ண உங்கப்பனாலயும் ஆகாது. அவன் அம்மாதான், அவன்தான்"னு சொல்லிக்கினே மார்க் ஷீட்டைத் திறந்தாரு. அந்தச் சந்தோஷத்துல நான் ஓட்டமா ஓடினேன் பி.சி.ஓ.வுக்கு.

போனை அவன் அம்மாதான் எடுத்தாங்க. மார்க் வந்ததைச் சொன்னேன், எதனால வந்ததுன்னும் சொன்னேன்.

"அய்யய்யோ! அத்தினி பேரு முன்னாடியா? இன்னா நினைச்சிருப்பாங்க!"

"உங்களாலதாம்மா மார்க்கே."

அப்புறம் மெதுவா ஒரு கேள்வி வந்துச்சு.

"அப்போ நானும் காலேஜ்ல பேசிட்டேனாப்பா?"